ஒரு வரியில் அடங்காத ஜி. என். ராமச்சந்திரன்

எங்கள் மருத்துவமனையின் தரைத்தளத்தில், சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே உள்ள காத்திருப்புக் கூடத்தில், மருத்துவத்திற்குத் துணைநின்ற அறிவியலாளர் சிலரின் படங்களை மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி அறிமுகம் உண்டு. ரான்ட்ஜெனுக்கு அந்த வரி தானாக அமைந்தது. எக்ஸ் கதிரைக் கண்டறிந்தவர் என்றால் போதும். ஃபிளெமிங்குக்குப் பென்சிலின். ஜி. என். ராமச்சந்திரனின் படத்தை மாட்டியபோதுதான் நாங்கள் தடுமாறினோம்.

முதலில் 'சி.டி. ஸ்கேன் கருவியைக் கண்டுபிடித்தவர்' என்று எழுதி ஒட்டினோம். கைப்பேசிகளில் அப்படியொரு செய்தி அவ்வப்போது சுற்றி வருகிறது. நாங்களும் அதை நம்பிவிட்டோம். எங்கள் கதிரியக்கப் பிரிவு மருத்துவர் அதைப் பார்த்த அன்றே கழற்றச் செய்தார். அடுத்ததாக 'கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்தவர்' என்று மாற்றினோம். இது பிழையற்ற வரி. ஆனால் வேப்பம்பட்டிலிருந்து தந்தையை ஸ்கேனுக்கு அழைத்து வந்திருந்த ஒருவர், அதை இரண்டு முறை படித்துவிட்டு, "எங்க அப்பாவுக்கு எடுக்கப் போற ஸ்கேனுக்கும் இவருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். வரவேற்பு மேசையில் இருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் இயற்பியல் துறைக்கு மாறி சி. வி. ராமனின் மாணவரானார். கேம்பிரிட்ஜில் இரண்டாண்டுகள் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பியவர், 1952-இல், முப்பது வயதை எட்டும் தறுவாயில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அவர் மகப்பேறு மருத்துவர் என்பது எங்களைப் போன்ற இடத்தில் வேலை செய்வோருக்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி.

புதிய துறைக்கு எந்த ஆய்வை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி இருந்த நேரத்தில், சென்னைக்கு வந்த ஆங்கில அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதை எடுத்துரைத்தார். கொலாஜன் நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம். தோல், தசைநாண், குருத்தெலும்பு, பல், எலும்பு என்று உடலை இழுத்துக் கட்டிவைத்திருக்கும் கயிறு அதுவே. எலும்பைக் கான்கிரீட்டுக்கு ஒப்பிட்டால், கால்சியம் உப்புகள் சிமெண்டும் ஜல்லியும். கொலாஜன் உள்ளே ஓடும் கம்பி.

அந்தக் கயிறு எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. அணுக்களை எந்த நுண்ணோக்கியாலும் அன்று காண இயலாது. தசைநாண் இழை ஒன்றின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், பின்னால் வைத்த படச்சுருளில் சில புள்ளிகளும் வளைவுகளும் பதியும். அவை உருவப்படம் அல்ல. உள்ளே எது எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கான தடயங்கள். ஆய்வாளர் ஓர் அமைப்பை ஊகித்து, அதன்படி மாதிரி கட்டி, அந்த மாதிரி இதே புள்ளிகளைத் தருமா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த தெளிவான பதிவுகளை வைத்து இவ்வேலையைச் செய்தனர். 1954-இல் 'நேச்சர்' இதழில் அவர்களின் விடை வெளிவந்தது: மூன்று புரதச் சங்கிலிகள் அருகருகே சேர்ந்து அமைந்த உருவம். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, ஒவ்வொரு சங்கிலியும் தானும் சுருண்டு, மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று பற்றியும் முறுகியிருப்பதாகக் காட்டினர். நூலை முறுக்கி, மூன்று நூல்களைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு ஆகும் அல்லவா, அதே முறைதான்.

இந்த அமைப்புக்கு ஒரு சாவி உண்டு. புரதச் சங்கிலி என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்ற அமிலமாகவே இருக்கிறது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அது. அதன் பக்கக் கிளை ஒற்றை ஹைட்ரஜன் அணு மட்டுமே. மூன்று சங்கிலிகளும் சந்திக்கும் நடு அச்சில் வேறெதற்கும் இடமில்லை. ஒவ்வொரு மூன்றாவது மணியும் அந்த அச்சுக்குள் திரும்பி அமர வேண்டியிருப்பதால், அங்கே மிகச் சிறியதுதான் அமர முடியும். கிளைசின் ஏன் மூன்றுக்கு ஒன்று வருகிறது என்ற புதிருக்கு இந்த அமைப்பு விடையளித்தது.

எங்கள் எலும்பியல், குழந்தை நலப் பிரிவுகளுக்கு வரும் சில பெற்றோருக்கு இது வெறும் வேதியியல் அல்ல. ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். தவழும் வயதில், தரையில் உட்காரவைத்தபோதே தொடையெலும்பு முறிகிறது. ஆறு மாதத்தில் மறுபடியும் ஓர் எலும்பு. கண்ணின் வெண்படலம் சற்று நீலமாகத் தெரிகிறது. வீட்டில் பால் கொடுக்கவில்லையா, குழந்தையை அடித்தார்களா என்ற கேள்விகள் தாயை நோக்கி வருகின்றன. இது பிறவியிலேயே எலும்பு எளிதில் நொறுங்கும் நோய். எலும்பில் உள்ள கொலாஜனின் மரபணு ஒன்றில் ஏற்பட்ட ஒரே ஒரு எழுத்து மாற்றத்தால், ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதிலாக வேறொரு அமிலம் வந்து உட்கார்ந்திருப்பது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். சுருளாக முறுகும் பகுதியில் ஒரு சங்கிலிக்கு ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட மணிகள். அவற்றுள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை கிளைசின். அத்தனையில் ஒன்று மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கத் தோன்றும்.

கெட்டுவிடுகிறது, காரணம் மேலே சொன்ன அமைப்பிலேயே இருக்கிறது. மூன்று சங்கிலிகளும் ஒரு முனையிலிருந்து, பையின் ஜிப்பை இழுப்பதுபோல், முறுகிக்கொண்டே வருகின்றன. பெரிய மணி ஒன்று நடு அச்சில் குறுக்கிட்டால் முறுக்கு அங்கே திணறுகிறது. இனி ஒரு சிறு கணக்கு. எலும்பின் கொலாஜனில் ஒரே வகைச் சங்கிலி இரண்டும், வேறு வகைச் சங்கிலி ஒன்றும் உண்டு. இரட்டையாக வரும் சங்கிலிக்குரிய மரபணு, தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இரு படிகளில் இருக்கிறது. ஒரு படியில் மட்டும் பிழை என்றால், உருவாகும் சங்கிலிகளில் பாதி நல்லவை, பாதி பழுதானவை. ஒவ்வொரு கயிற்றுக்கும் அவற்றிலிருந்து இரண்டு எடுக்கப்படுகின்றன. இரண்டும் நல்லவையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே நான்கில் மூன்று கயிறுகளில் பழுதான சங்கிலி ஒன்றாவது சேர்ந்துவிடுகிறது. ஒரு படி அறவே வேலை செய்யாமல் போனால் கயிறுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும், ஆனால் இருப்பவை யாவும் நல்லவை. அத்தகைய குழந்தைகளுக்கு நோய் பெரும்பாலும் மிதமாகவே இருக்கிறது. சரக்கு குறைவதைவிடக் கலப்படம் கெடுதல் என்பதை எங்கள் குழந்தை நல மருத்துவர் பெற்றோருக்கு இப்படித்தான் விளக்குகிறார்.

கால்சியம் மாத்திரையால் மட்டும் இந்நோய் தீராது என்பதும் இதிலிருந்து விளங்கும். கான்கிரீட்டில் குறை கம்பியில் இருக்கிறது. சிமெண்டைக் கூட்டுவதால் கம்பி நேராகாது. எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளும், வளைந்த எலும்புக்குள் கம்பி பொருத்தும் அறுவையும், இயன்முறைப் பயிற்சியும் குழந்தைக்கு உதவுகின்றன. ஆனால் அவை கொலாஜனைத் திருத்துவதில்லை. முறிவுக்குத் தாயின் கவனக்குறைவு காரணம் அல்ல என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும்.

சென்னைக்குத் திரும்புவோம். ராமச்சந்திரனின் அமைப்பை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டி.என்.ஏ.யின் உருவத்தைக் கண்ட இருவருள் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் மூவிழை என்பதை ஒப்புக்கொண்டு, சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவு நெருங்கியிருப்பதாகக் குறை கூறினர். சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று மணிகளுக்கு இரண்டு என்று சென்னைக் குழு சொல்ல, அவர்கள் ஒன்று என்றனர். பல்லாண்டுகளுக்குப் பின், 1994-இல், கொலாஜனைப் போன்று செயற்கையாகச் செய்த ஒரு சிறு இழையின் படிக அமைப்பு வெளியானபோது, ஒன்று என்பதே உறுதியாயிற்று. அந்த இழையில் ஒரு கிளைசினுக்குப் பதிலாக அலனின் வைக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் கயிற்றின் முறுக்கு தளர்ந்திருப்பதும் அதில் தெரிந்தது. மூவிழை நிலைத்தது, அதன் உட்பிணைப்புக் கணக்கு திருத்தம் பெற்றது.

நாங்கள் அவரை மதிப்பது, அந்தக் குறைகூறலை அவர் எடுத்துக்கொண்ட விதத்திற்காக. 'மிக நெருக்கம்' என்கிறார்களே, எவ்வளவு நெருக்கம் மிக நெருக்கம் என்று அவர் கேட்டார். அதற்கு அப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லை. அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பிணையாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு அருகில் வருகின்றன என்று அவரது குழு தொகுத்தது. இரு கார்பன் அணுக்களானால் பொதுவாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப்போனால் 3.0 என்பன போன்ற எல்லைகள் கிடைத்தன. ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும்.

இந்த எல்லைகளை வைத்துக்கொண்டு இன்னும் பெரிய கேள்வியை எடுத்தார்கள். புரத மாலையின் ஒவ்வொரு மணியும் இரண்டு இடங்களில் திருகித் திரும்பக்கூடியது. நம் கையில் தோளும் முழங்கையும் போல இரு மூட்டுகள் என்று கொள்ளலாம். ஒரு திருகலைக் கிடைக்கோட்டிலும் மற்றொன்றைச் செங்குத்திலும் குறித்து, சாத்தியமான ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டனர். வரைபடத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மோதல் பகுதியாகப் போயிற்று. மிஞ்சிய சில தீவுகளில்தான் புரதங்கள் வாழ முடியும். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட இதுவே 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்று உலகில் எங்கேனும் ஒரு புரதத்தின் உருவம் கண்டறியப்பட்டால், அது மருந்து தயாரிக்க உதவும் நொதியாயினும் வைரஸின் முள்ளாயினும், அதன் மணிகள் அத்தீவுகளில் விழுகின்றனவா என்று சோதிப்பது வழக்கம். பல மணிகள் கடலில் விழுந்திருந்தால், கண்டறிந்தவர் எங்கோ தவறியிருக்கிறார் என்று பொருள். தன் மாதிரியின் மீது எழுந்த குறையிலிருந்து பிறந்த அளவுகோல் இப்போது எல்லோருடைய மாதிரிக்கும் வைக்கப்படுகிறது.

இனி, வேப்பம்பட்டு அன்பரின் கேள்விக்கு வருகிறோம். ஸ்கேனுக்கு என்ன சம்பந்தம்?

ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்ற பின், 1971 செப்டம்பரில், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து பொருளின் உட்புறத்தை மீட்பது எப்படி என்பது அதன் பொருள். அடுத்த மாதம் முதல் தேதி, லண்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. இரண்டும் தனித்தனியே நடந்தவை. கருவியைச் செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். அதற்கான கணிதத்தை முன்பே ஆராய்ந்தவர் ஆலன் கோர்மாக். 1979-இல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் போயிற்று. எங்கள் முதல் வரி தவறானது இதனால்தான். ஆனால் பிற்காலத்துக் கருவிகள் பல்லாண்டுகள் படத்தைக் கணக்கிட்ட வழி, ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் காட்டிய வழியைச் சேர்ந்தது. வானொலித் தொலைநோக்கிக்காரர்கள் இதை ஒத்த ஒரு வழியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருந்தனர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

வழி இதுதான். உங்கள் தந்தையின் மார்பில், அரிசியளவு சுண்ணாம்புப் படிவு ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். எக்ஸ் கதிர் ஒரு கோணத்தில் ஊடுருவும்போது, நிழலில் ஓரிடம் மட்டும் அடர்ந்து விழும். அந்தப் படிவு அக்கதிர்ப் பாதையில் எங்கோ இருக்கிறது என்றுதான் தெரியும். முன்னாலா பின்னாலா என்று தெரியாது. எனவே கணினி அந்த அடர்த்தியைப் பாதை முழுவதும் பூசிவைக்கிறது. கருவி சற்றுச் சுழன்று அடுத்த நிழலை எடுக்கும்; அதையும் அதன் பாதை நெடுக பூசுகிறது. இப்படி நூற்றுக்கணக்கான கோணங்களில் பூசினால், எல்லாப் பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் படிவு துலங்கும். ஆனால் அதைச் சுற்றிலும் பூச்சின் மிச்சம் படர்ந்து, மழை நாளில் தெருவிளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம்போல் படம் கலங்கிவிடும். அரிசிக்குப் பக்கத்தில் ஒரு கடுகு இருந்தால் அது அந்த மங்கலில் மறைந்துபோகும்.

பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் திருத்திவிட வேண்டும் என்பது ராமச்சந்திரன் வழியின் சாரம். நிழலில் ஓரிடத்து மதிப்பு 1 என்றால், அதன் இரு பக்கத்து அண்டை இடங்களிலும் 0.405 கழிக்க வேண்டும். அதற்கடுத்த இடத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கும் அடுத்ததில் 0.045 கழிக்க வேண்டும். இப்படியே ஓரிடம் விட்டு ஓரிடம், தேய்ந்துகொண்டே போகும் கழித்தல். இவற்றையெல்லாம் கூட்டினால், கழித்த மொத்தமும் நடுவில் உள்ள 1-உம் சரியாக ஈடாகிவிடும். இப்போது பூசும்போது, ஒரு கோணத்திலிருந்து வந்து படரும் மிச்சத்தை வேறு கோணங்களின் கழித்தல்கள் வந்து துடைக்கின்றன. அரிசி அரிசியாகவும் கடுகு கடுகாகவும் நிற்கும். பெருக்கலும் கூட்டலும் மட்டுமே போதும் என்பதால், முன்பிருந்த சுற்றுவழிக் கணக்கைவிட இது விரைவாக முடிந்தது. இவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ராம்-லாக் வடிகட்டி' என்று பொறியாளர்கள் இன்றும் இதை அழைக்கின்றனர்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நுண்ணிய விளிம்புகளைத் துலக்கும் கழித்தல், படத்தில் உள்ள புள்ளிப்புள்ளியான இரைச்சலையும் சேர்த்தே துலக்கிவிடும். ஆகவே எலும்பைப் பார்க்கக் கூர்மையான வடிகட்டியும், மூளை, கல்லீரல் போன்ற மென்மையான உறுப்புகளைப் பார்க்க மழுங்கிய வடிகட்டியும் பயன்படுகின்றன. உங்களுக்குத் தரும் படத்தாளில் ஒரே இடத்தின் படம் இரண்டு தோற்றங்களில் இருந்தால், ஸ்கேன் இரண்டு முறை எடுக்கப்பட்டது என்று அஞ்ச வேண்டாம். ஒரே நிழல்களை இரு வடிகட்டிகள் வழியே செலுத்தியிருக்கலாம். புதிய கருவிகளில் இதனுடன் வேறு கணக்கு முறைகளும் சேர்ந்துள்ளன.

கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எல்லா நிழல்களும் ஒரே பொருளின் நிழல்கள். நடுவில் நோயாளி அசைந்தாலோ, மூச்சை அடக்கச் சொன்னபோது விட்டாலோ, பாதி நிழல்களில் படிவு ஓரிடத்திலும் மீதியில் வேறிடத்திலும் விழும். கழித்தல் தவறான இடத்தைத் துடைக்கும்; உறுப்பின் விளிம்பு இரட்டையாகவோ கோடுகளாகவோ தெரியும். உலோகம் இருந்தால், கதிர் அதைத் தாண்டிப் போதிய அளவு வராததால், அங்கிருந்து நட்சத்திரம்போல் கோடுகள் கிளம்பும். தாலிச் சங்கிலியையோ காதணியையோ கழற்றச் சொல்வதும், "மூச்சை இழுத்து அடக்குங்க" என்று ஒலிபெருக்கியில் கேட்பதும் இதனால்தான். இருமல் உள்ளவர்கள், அல்லது பத்து விநாடி மூச்சடக்க இயலாதவர்கள், மேசையில் படுக்கும் முன்பே பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கேற்ப வேகமாக எடுக்க வழி உண்டு. பொருத்திய பல், இடுப்பில் வைத்த உலோக மூட்டு இவற்றையும் சொல்ல வேண்டும்.

ராமச்சந்திரன் 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறுதி ஆண்டுகளில் பார்கின்சன் நோயால் துன்புற்று, 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்திற்கு 'மூவிழைச் சுருள்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. தோலும் கொலாஜனே ஆதலால் பொருத்தமான இடம்தான்.

எங்கள் சுவரில் அவர் படத்தின் கீழ் இப்போது ஒரு வரிக்குப் பதில் மூன்று வரிகள் உள்ளன. மூன்றாவது வரி சற்றுச் சிறிய எழுத்தில் இருக்கிறது; இடம் போதவில்லை.